மாற்றித் தருவதாகச் சொல்ல யாருக்கு அதிகாரம்?

கேள்வி: எங்கள் நிறுவனம் வீட்டு உபயோகச் சாதனங்கள் தயாரிக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன், யூடியூப், எக்ஸ் எல்லாவற்றிலும் கணக்கு இருக்கிறது. மார்க்கெட்டிங்கில் மூன்று பேர், சர்வீஸ் பிரிவில் இரண்டு பேர், மனிதவளப் பிரிவில் ஒருவர், போதாததற்கு வெளி ஏஜென்சி ஒன்று என்று பலரும் அவற்றைக் கையாள்கிறோம். போன மாதம் வாஷிங் மெஷினில் தண்ணீர் கசிவதாக ஒருவர் இரண்டு இடங்களில் புகார் போட்டார். ஃபேஸ்புக்கில் ஏஜென்சி “கவலையே வேண்டாம், மாற்றித் தந்துவிடுகிறோம்” என்று இதயப் படத்தோடு எழுதியது. அதே மாலை இன்ஸ்டாகிராமில் சர்வீஸ் பிரிவு “தங்கள் வாரண்டி காலம் முடிவடைந்துவிட்டது” என்று எழுதியது. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கிரீன்ஷாட் போட்டார். அன்றிலிருந்து எங்கள் இயக்குநர், பதிவோ பதிலோ எதுவானாலும் தன் ஒப்புதல் இல்லாமல் போகக் கூடாது என்கிறார். ஆளெடுப்பு அறிவிப்பு ஒன்று வெளியாகவே மூன்று நாள் ஆகிறது. யார் போடுவது, யார் ஒப்புதல் தருவது, யார் பதில் சொல்வது என்று எப்படிப் பிரிப்பது? இத்தனை பேர் இருந்தும் ஒரே குரலில் பேச முடியுமா?

பதில்: முடியும். ஆனால் குரலிலிருந்து தொடங்காதீர்கள்.

அந்த இரண்டு பதில்களும் ஒரே நடையில் இருந்திருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். ஒன்று சிரித்துப் பேசியது, இன்னொன்று நோட்டீஸ் மாதிரி பேசியது என்பதெல்லாம் அப்புறம். ஒன்று மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்தது, மற்றது கையை விரித்தது. அதுதான் அந்த வாடிக்கையாளரை உசுப்பியது. மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் அதிகாரத்தை ஏஜென்சிக்கு யார் கொடுத்தார்கள்? யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். உனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பல கைகள் புழங்கும் கணக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். பதிவுக்கு மூன்று பேர் கையெழுத்துப் போடுவார்கள். அதன் கீழே வரும் கேள்விக்கு அந்த நேரத்தில் யார் கையில் போன் இருக்கிறதோ அவர் பதில் போட்டுவிடுவார். நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் வார்த்தைகள் பெரும்பாலும் அந்தப் பதில்களில்தான் இருக்கின்றன.

எனவே முதல் வேலை, யார் எந்தக் கணக்கைப் பார்ப்பது என்று பிரிப்பது அல்ல. யார் எதற்கு வாக்குக் கொடுக்கலாம் என்று எழுதி வைப்பது. இதற்கு நாலே விஷயம் போதும்: பணம், தேதி, தவறு, பாதுகாப்பு. பணம் என்றால் திருப்பித் தருவது, மாற்றித் தருவது, தள்ளுபடி, இலவசச் சர்வீஸ். தேதி என்றால் ஆள் இந்த நாளில் வருவார் என்று சொல்வது. தவறு என்றால் ‘எங்கள் மேல்தான் பிழை’ என்று காரணத்தை ஒப்புக்கொள்வது. பாதுகாப்பு என்றால் ஷாக், தீ, புகை, காயம் சம்பந்தப்பட்ட எதுவும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பதவியை எழுதுங்கள். ஒரே ஒரு பதவி, அவர் இல்லாதபோது பார்க்க இன்னொருவர்.

இதற்காகப் புதிதாக அதிகாரம் எதுவும் உருவாக்க வேண்டியதில்லை. உங்கள் கால் சென்டரில் போன் செய்தால் மாற்றித் தரலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் ஒருவர் இப்போதே இருப்பார், அநேகமாகச் சர்வீஸ் மேலாளர். சமூக ஊடகத்திலும் அவர்தான் முடிவெடுக்க வேண்டும். போனில் அமைதியாகக் கேட்டவருக்கு ஒரு நியாயம், ஃபேஸ்புக்கில் சத்தம் போட்டவருக்கு இன்னொரு நியாயம் என்று ஆகிவிட்டால், சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று நீங்களே எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது போல ஆகிவிடும்.

இந்த நாலு விஷயமும் இல்லாத பதிலுக்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். “இந்த மாடலில் எத்தனை கிலோ துணி போடலாம்?” என்ற கேள்விக்கான விடை உங்கள் தயாரிப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வதற்கு இயக்குநர் எதற்கு?

இனி பதிவுகள். எல்லாம் இயக்குநர் வழியாகப் போவதில் என்ன சிக்கல் என்றால், எல்லாப் பதிவும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆளெடுப்பு அறிவிப்பும் விலை உயர்வு அறிவிப்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கின்றன. இரண்டுக்கும் ஆபத்து ஒன்றா? கடந்த இரண்டு மாதத்தில் போட்டதையெல்லாம் எடுத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவை தானாகவே மூன்று குவியலாகப் பிரியும். முதல் குவியலில் இருப்பவை ஏற்கெனவே வெளியில் சொன்ன செய்திகள்: பயன்பாட்டுக் குறிப்புகள், பழைய வீடியோவின் துண்டு, மனிதவளப் பிரிவு தன் இணையதளத்தில் போட்டுவிட்ட வேலை வாய்ப்பு. இவற்றை எழுதியவர் அல்லாத இன்னொருவர் ஒருமுறை படித்தால் போதும், உடனே போடலாம். இரண்டாவது குவியலில் இருப்பவை புதிதாக ஒரு தகவலைச் சொல்பவை: புது மாடல், சலுகை, போட்டி விதிமுறை. அந்தத் தகவலுக்குச் சொந்தக்காரர் ஒருவர் சரி என்று சொல்ல வேண்டும். சலுகை என்றால் விற்பனைப் பிரிவு, தொழில்நுட்ப விவரம் என்றால் தயாரிப்புப் பிரிவு. மூன்றாவது குவியல் சிறியது: விலை உயர்வு, பொருளைத் திரும்பப் பெறுதல், விபத்து, வழக்கு, ஆட்குறைப்பு, பொது விவகாரத்தில் நிறுவனத்தின் நிலைப்பாடு. இது மட்டும் இயக்குநரிடம் போகட்டும்.

இரண்டாவது குவியலில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒப்புதல் தருபவர் ஒருவர்தான். மற்றவர்களிடம் கருத்துக் கேட்கலாம், அவர்கள் சொல்லலாம், ஆனால் அவர்கள் பதில் சொல்லவில்லை என்பதற்காகப் பதிவு நிற்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் போட்டு “எல்லோரும் பாருங்கள்” என்று எழுதினால் நாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் எண்களைச் சரிபார்த்திருப்பார் என்று நம்பிக் காட்டிய விரல் அது. தப்பு வந்த பிறகு யாரைக் கேட்டாலும் “நான் டிசைனைத்தான் பார்த்தேன்” என்பார்கள்.

அடுத்து, ஒப்புதல் தருபவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். தகவல் சரியா, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியுமா, சொல்லக் கூடாதது ஏதாவது இருக்கிறதா, இவ்வளவுதான் அவர் வேலை. ‘அருமையான’ என்பதை ‘அற்புதமான’ என்று மாற்றுவது அவர் வேலை இல்லை. வார்த்தையைத் தொடும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். அவரை ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். மார்க்கெட்டிங்கில் உள்ள மூவரில் நன்றாக எழுதக்கூடிய ஒருவர் போதும், பெரிய பதவியில் இருக்க வேண்டும் என்று இல்லை. மூன்று அதிகாரிகள் ஆளுக்கொரு வாக்கியத்தைத் திருத்திய பதிவில் மூன்று குரல்களும் கேட்கும். எந்தக் குரலும் உங்கள் நிறுவனத்தின் குரலாக இருக்காது.

ஒப்புதலுக்கு நேரக் கெடு வேண்டும். முதல் குவியலுக்கு இரண்டு மணி நேரம், இரண்டாவதற்கு ஒரு வேலை நாள் என்று தொடங்கிப் பாருங்கள், பிறகு உங்கள் வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கெடு தாண்டினால் என்ன நடக்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்: மாற்று ஆளிடம் போகும், அவரும் பார்க்கவில்லை என்றால் பதிவு தள்ளிப்போகும். பதில் வரவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். மூன்றாவது குவியலில் உள்ள ஒரு விஷயம் என்றைக்காவது அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போகும்.

பதில் சொல்லும் பக்கத்தை விரிவாகச் சொல்கிறேன், உங்கள் காயம் அங்கேதான். அந்த வாஷிங் மெஷின் புகாரையே எடுத்து, விதிகள் இருந்திருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று நடத்திப் பார்ப்போம்.

மாலை 6.10. சலுகைப் பதிவின் கீழே அவர் எழுதுகிறார்: “கதவுப் பக்கம் தண்ணீர் கசிகிறது. ஆள் வந்து பார்த்துவிட்டுப் போய் 10 நாள் ஆகிறது. யாராவது இருக்கிறீர்களா?” அன்று முறை யாருடையது என்பது அட்டவணையில் இருக்கிறது. எல்லாத் தளத்துக்கும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒரே ஒருவர். ஃபேஸ்புக்கை ஏஜென்சிக்கும் இன்ஸ்டாகிராமைச் சர்வீஸுக்கும் பிரித்துக் கொடுத்ததால்தான் ஒரே மனிதருக்கு இரண்டு முகம் தெரிந்தது. தளத்தின்படி பிரிக்காதீர்கள், நேரத்தின்படி பிரியுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டின் செய்திகளும் கருத்துகளும் மெட்டா பிசினஸ் சூட்டில் ஒரே இடத்தில் வரும். மற்ற தளங்களைத் தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும், அல்லது எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் கருவி ஒன்று வாங்க வேண்டும்.

6.20. முறையில் இருப்பவர் உங்களுக்குள் பொதுவான பதிவேட்டில் ஒரு வரி சேர்க்கிறார்: எந்தத் தளம், வாடிக்கையாளரின் கணக்குப் பெயர், என்ன புகார், யார் கையில் இருக்கிறது, நிலை என்ன. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். தன் பெயரை அதில் எழுதிவிட்ட பிறகுதான் பதில் எழுத வேண்டும். இந்த ஒரு வரி இருந்திருந்தால், இன்ஸ்டாகிராமில் அதே கணக்குப் பெயரைப் பார்த்தவர் பதிவேட்டில் தேடிவிட்டுக் கையை எடுத்திருப்பார்.

அடுத்து, இதில் ஷாக் அடித்ததா, புகை வந்ததா என்று பார்க்கிறார். இல்லை. இருந்திருந்தால் வேறு பாதை: உடனே சர்வீஸ் மேலாளருக்குப் போன் செய்ய வேண்டும், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சாதனத்தைப் பயன்படுத்தாமல் இருக்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும், வரிசையில் காத்திருக்கும் விளம்பரப் பதிவுகளையும் நிறுத்தி வைக்க வேண்டும்.

6.25. பொதுவில் முதல் பதில்: “ஆள் வந்து போய் 10 நாளாகியும் கசிவு நிற்கவில்லை என்றால் கோபம் வருவது நியாயம்தான். சர்வீஸ் பதிவு எண்ணை எங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். இன்று இரவு 8 மணிக்குள் என்ன நிலை என்று பார்த்து உங்களிடம் சொல்கிறோம்.” இதில் பணம் பற்றி எதுவும் இல்லை, ‘எங்கள் தவறு’ என்றும் இல்லை. ஒரு நேரம் இருக்கிறது. ஆனால் அது பழுது பார்க்கும் நேரம் அல்ல, நாம் திரும்பப் பேசும் நேரம். அதை மட்டும் முறையில் இருப்பவர் தன் பொறுப்பில் சொல்லலாம். போன் எண்ணையும் முகவரியையும் பொதுவில் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கேட்டால் சிலர் அங்கேயே எழுதிவிடுவார்கள். உங்கள் பெயரில் போலிக் கணக்கு வைத்திருப்பவன் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, பணம் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கூப்பிடுவான்.

6.30. சர்வீஸ் மேலாளருக்கு ஒரே செய்தி: பதிவு எண், புகாரின் சுருக்கம், வாரண்டி நிலை என்ன, என்ன சொல்லலாம், 7.45-க்குள் பதில் வேண்டும். அவர் பார்க்கிறார். வாரண்டி முடிந்து 12 நாள் ஆகிவிட்டது. ஆனால் முதல் புகார் வாரண்டி இருக்கும்போதே பதிவாகியிருக்கிறது. எனவே பழுது நீக்கம் இலவசம், மாற்றித் தருவது இல்லை என்கிறார். இது அவர் முடிவு. ஏஜென்சிக்கோ மார்க்கெட்டிங்குக்கோ இந்த விவரம் தெரிய வழியே இல்லை. அன்று சர்வீஸ் பிரிவு எழுதிய வரிகூட, முதல் புகார் தேதியைப் பார்க்காமல் இன்றைய தேதியை மட்டும் பார்த்து எழுதியதாக இருக்கலாம்.

7.50. தனிச்செய்தியில் முழு விவரம்: ஆள் எப்போது வருவார், எந்தப் பாகம் மாற்றப்படும், கட்டணம் இல்லை, ஏன் இல்லை. வேலை முடிந்த பிறகு பொதுப் பதிலின் கீழே இன்னும் ஒரு வரி வேண்டும்: “கதவு ரப்பர் மாற்றியாகிவிட்டது. திரும்பக் கசிந்தால் இதே செய்தியில் சொல்லுங்கள்.” இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். தனிச்செய்தியில் நீங்கள் எவ்வளவு நன்றாக நடந்துகொண்டாலும், பொதுவில் படிப்பவருக்குத் தெரிவது பாதியில் நின்ற ஒரு புகார்தான்.

எல்லாக் கருத்துக்கும் இந்த அளவு உழைப்பு தேவையில்லை. அமெரிக்க விமானப் படையின் மக்கள் தொடர்புப் பிரிவு தயாரித்த ஒரு பக்கப் படம் ஒன்று 2009 தொடக்கத்தில் இணையத்தில் பரவலாகப் பகிரப்பட்டது. இணையத்தில் தங்களைப் பற்றி வரும் எழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும் படம் அது. வம்புக்கு வருபவர், ஆத்திரத்தில் கத்துபவர், தவறான தகவலை நம்புபவர், உண்மையிலேயே மோசமான அனுபவம் பட்டவர் என்று நாலு வகையாகப் பிரித்திருந்தார்கள். முதல் இரண்டு பேருக்கும் பதில் வேண்டாம், கவனித்தால் போதும். மூன்றாமவருக்குச் சரியான தகவல், நாலாமவருக்குத் தீர்வு. உங்கள் ஆட்களுக்கும் இந்த நாலு வகை போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: இரண்டாவது வகையையும் நாலாவது வகையையும் குழப்பிக்கொள்வது சுலபம். கடுமையாகப் பேசுகிறவரிடம் சர்வீஸ் எண்ணோ தேதியோ மாடல் பெயரோ இருந்தால் அவர் நாலாவது ஆள்தான். வார்த்தையின் சூட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நீக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆபாசம், மிரட்டல், சாதி மத வசை, மற்றவரின் தனிப்பட்ட விவரம், மோசடி இணைப்பு, இவற்றை மட்டும் நீக்கலாம். நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பதிவேட்டில் போட வேண்டும். புகாரை ஒருபோதும் நீக்கக் கூடாது. ‘நீக்கவில்லை, மறைத்துத்தான் வைத்தோம்’ என்பதும் உதவாது. ஃபேஸ்புக்கில் மறைத்த கருத்து எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

இனி குரலுக்கு வருகிறேன். ‘நட்பானது, நம்பகமானது, நவீனமானது’ என்று உங்களிடம் ஏற்கெனவே ஒரு பிராண்ட் ஆவணம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எழுத முடியாது. இதயப் படம் போட்டவர் தான் நட்பாக இருந்ததாக நினைத்தார். வாரண்டி பற்றி எழுதியவர் தான் நம்பகமாக இருந்ததாக நினைத்தார். இருவரும் அந்த ஆவணத்தின்படியே நடந்தார்கள்.

பெயரடைகளுக்குப் பதிலாக ஜோடி வாக்கியங்கள் எழுதுங்கள், இப்படிச் சொல்வோம், இப்படிச் சொல்ல மாட்டோம் என்று. ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். தமிழில் எழுதும்போது சில முடிவுகளை முதலிலேயே எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஆளுக்கொரு விதமாகப் போகும். வாடிக்கையாளர் ‘நீங்கள்’ தானா, ‘தாங்கள்’ என்றும் வருமா? என்னைக் கேட்டால் ‘நீங்கள்’ மட்டும் போதும். ‘தொடர்பு கொள்ளவும்’ என்பதா, ‘தொடர்பு கொள்ளுங்கள்’ என்பதா? முன்னது அறிவிப்புப் பலகை, பின்னது ஒரு மனிதர் பேசுவது. நிறுவனம் தன்னைச் சொல்லும்போது எப்போதும் ‘நாங்கள்’ என்றே இருக்கட்டும். நிறுவனத்தின் பெயரைப் படர்க்கையில் எழுத வேண்டாம். ‘ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்ற வரியை அடியோடு தடை செய்யலாம். எந்தச் சிரமம், யாருக்கு, ஏன் என்று எதையும் சொல்லாத வாக்கியம் அது. ‘10 நாள் காத்திருக்க வைத்துவிட்டோம், மன்னியுங்கள்’ என்று எழுதினால் அவர் புகாரைப் படித்திருக்கிறோம் என்பதாவது தெரியும். ஆனால் இப்படி எழுதும் முன் பத்து நாள் தாமதம் உண்மை என்று சர்வீஸ் பதிவில் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் இது ‘தவறு’ கணக்கில் வருகிறது.

எமோஜிக்கும் விதி வேண்டும். பதிவில் இருக்கலாம், புகாருக்கான பதிலில் கூடாது. இவ்வளவு எளிமையான விதியே போதும்.

தயார் நிலைப் பதில்களை எல்லோரும் வைத்திருப்பார்கள். அவற்றை முழுப் பதில்களாக வைக்காமல் துண்டுகளாக வையுங்கள். ‘சர்வீஸ் எண் கேட்பது’ ஒரு துண்டு, ‘வாரண்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது’ ஒரு துண்டு, ‘உதிரிப் பாகம் வரத் தாமதம்’ ஒரு துண்டு. நடுவில் இருக்கும் இந்தத் தகவல் வரிகள் அப்படியே ஒட்டப்படட்டும். முதல் வாக்கியத்தை மட்டும் அந்த மனிதர் எழுதியதைப் படித்துவிட்டுக் கையால் எழுத வேண்டும். ஒரு பதிவின் கீழே ஒரே பதில் ஐந்து முறை ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்தால், அங்கே யாரும் இல்லை என்றுதான் படிப்பவர் முடிவு செய்வார்.

குரல் கலைகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை சொல்கிறேன். மாதம் ஒருமுறை இருபது பதில்களை எடுத்து, எழுதியவர் பெயரை மறைத்து, எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள். “இது ஏஜென்சி எழுதியது, இது சர்வீஸ்காரர்” என்று சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தால் குரல் இன்னும் ஒன்றாகவில்லை. எது காட்டிக்கொடுத்ததோ அந்த வாக்கியத்தை ஜோடித் தாளில் சேர்த்துவிடுங்கள். அந்தத் தாள் இப்படித்தான் வளர வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறீர்கள் என்றால் இரண்டு தாள்கள் தனித்தனியாக வேண்டும். ஒன்றை மொழிபெயர்த்து மற்றதாக்கினால் தமிழ் விறைத்துப்போகும்.

சாவிகள் யார் கையில் என்பதையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். இத்தனை கை இருக்கும் இடத்தில் பாஸ்வேர்டு ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் என்று நினைக்கிறேன். ஃபேஸ்புக் பக்கத்தில் யாரும் பாஸ்வேர்டு பகிரத் தேவையில்லை. ஒருவருக்கு முழுக் கட்டுப்பாடு தரலாம், இன்னொருவருக்குச் செய்திகளும் கருத்துகளும் மட்டும் தரலாம், விளம்பரம் மட்டுமோ புள்ளிவிவரம் மட்டுமோ தரலாம். லிங்க்ட்இன்னில் சூப்பர் அட்மினும் கன்டென்ட் அட்மினும் வெவ்வேறு. ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் சூப்பர் அட்மின் கையில். யூடியூபிலும் மேலாளர், எடிட்டர், பார்வையாளர் என்று பிரித்துக் கொடுக்கலாம். முழுக் கட்டுப்பாடு நிறுவனத்தின் நிரந்தர ஊழியர் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஒருவர் என்றால் அவர் விடுப்பில் போனால் சிக்கல். மெட்டாவில் ஏஜென்சியைக் கூட்டாளி நிறுவனமாக இணைத்து, தேவையான பணிகளை மட்டும் கொடுங்கள், ஒப்பந்தம் முடிந்த அன்று ஒரே இடத்தில் துண்டித்துவிடலாம்.

இது வெறும் தொழில்நுட்ப விஷயம் அல்ல என்பதற்கு இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். 2013 ஜனவரி 31 அன்று பிரிட்டனின் எச்எம்வி நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது, வேலை இழந்துகொண்டிருந்தவர்கள் அந்தக் கூட்டத்தை நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கிலிருந்தே நேரலையாக எழுதினார்கள். யார் கையில் கணக்கு இருக்கிறது என்று மேலே இருந்தவர்கள் முன்கூட்டியே யோசிக்கவில்லை. 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசியின் எக்ஸ் கணக்கைக் கைப்பற்றியவர்கள், பிட்காயினில் முதலீடு செய்யும் இடிஎஃப் நிதிகளுக்கு ஒப்புதல் தந்துவிட்டதாகப் பொய்ப் பதிவு போட்டார்கள். கணக்கோடு இணைந்திருந்த போன் எண்ணை சிம் மாற்று மோசடியில் பிடித்துதான் உள்ளே நுழைந்தார்கள். கணக்கைத் திறப்பதில் சிக்கல் இருந்ததால் ஊழியர்களே கேட்டு 2023 ஜூலையில் இரட்டை அடையாளச் சோதனையை நிறுத்தியிருந்தார்கள். கணக்கு கைமாறும் வரை அதைத் திரும்பப் போடவே இல்லை. உங்கள் கணக்குகளின் மீட்பு எண் யாருடைய சொந்தப் போனில் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

நிறுத்தும் உரிமை மட்டும் எல்லோருக்கும் வேண்டும். பதிவு போட ஒப்புதல் தேவை. தவறான நேரத்தில் போகப்போகும் பதிவை நிறுத்த யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. உங்கள் சாதனம் ஒன்றில் தீப்பிடித்ததாகச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும் மாலையில், முன்பே நேரம் குறித்து வைத்த உற்சாகமான விளம்பரம் தானாக வெளியாகக் காத்திருக்கும். அதைப் பார்க்கும் மனிதவள ஊழியர்கூட நிறுத்திவிட்டு, பிறகு சொல்லலாம். அதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது என்பதையும் எழுத்தில் வையுங்கள்.

கடைசியாக உங்கள் இயக்குநர். அவரிடம் போய் “உங்கள் ஒப்புதல் தாமதமாகிறது” என்று பேச்சைத் தொடங்காதீர்கள். யார் எதற்கு வாக்குக் கொடுக்கலாம் என்ற பட்டியலைக் கொண்டுபோய், “மாற்றித் தருகிறோம் என்று இனி சர்வீஸ் மேலாளரைத் தவிர யாரும் எழுத முடியாது” என்று காட்டுங்கள். அவர் பயந்தது அதற்குத்தான். மூன்றாவது குவியல் முழுக்க அவரிடமே இருக்கிறது என்பதையும் காட்டுங்கள். வெளியான பதில்களில் பத்தை வெள்ளிக்கிழமைதோறும் அவருக்கு அனுப்புவதாகச் சொல்லுங்கள். போவதற்கு முன் பார்ப்பதை, போன பிறகு பார்ப்பதாக மாற்றுகிறீர்கள். முதல் குவியலையும் சாதாரணப் பதில்களையும் மட்டும் நாலு வாரத்துக்கு இப்படி விட்டுப் பார்க்கலாம் என்று கேளுங்கள், அநேகமாக ஒப்புக்கொள்வார். இரண்டாவது குவியலை அதற்குப் பிறகு கேட்கலாம்.

அந்த வாடிக்கையாளரின் புகார் இன்னும் திறந்தே இருந்தால், இதையெல்லாம் எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். சர்வீஸ் மேலாளரிடம் முதல் புகாரின் தேதியை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு தளத்திலும் ஒரே முடிவை, ஒரே ஆள் எழுதட்டும். முன்பு போட்ட இரண்டு பதில்களையும் நீக்காதீர்கள். அவற்றின் கீழேயே “எங்களிடமிருந்து இரண்டு விதமான பதில் வந்தது, அது எங்கள் பிழை, சரியான நிலை இது” என்று எழுதலாம். இதற்கு இயக்குநரின் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.